கம்பெனி கதையைக் குறைங்க, மெஷின் நின்னா யாரு வருவாங்கன்னு முதல்ல சொல்லுங்க

கேள்வி: தஞ்சாவூர்ல ரைஸ் மில்லுக்கு, நிறம் மாறுன அரிசியை தனியா பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷின் வித்து சர்வீஸ் பண்றோம் சார். அடுத்த வாரம் மன்னார்குடி பக்கம் ஒரு மில்லுக்கு மூணு பேரா போறோம். எங்க கம்பெனியை பத்தி பேச ஆரம்பிச்சாலே ஓனருங்க போனை நோண்ட ஆரம்பிச்சுடறாங்க. எப்படித்தான் அறிமுகம் பண்றது?

பதில்: எந்த வருஷம் ஆரம்பிச்சோம், எத்தனை பிராஞ்ச், என்னென்ன அவார்டுன்னு நீங்க ஆரம்பிப்பீங்கன்னு நினைக்கிறேன், பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான். மில்லுக்காரர் மண்டையில அந்த நேரத்துல ஓடறது வேற. குறுவை அறுப்பு மழையில மாட்டுனா பழுப்பரிசி, கருப்பரிசி அதிகமா வரும், அப்ப சீசன் நடுவுல மெஷின் படுத்துடுச்சுன்னா இவனுங்க வருவானுங்களா, இல்ல சென்னைக்கு போன் போட சொல்லுவானுங்களா, அதான். உங்க அறிமுகம் அந்தக் கேள்விக்கு பதிலா இருந்தா அவரு போனை கீழ வைப்பாரு.

அதனால கம்பெனி பத்தி மூணே வாக்கியம் போதும், ஒரு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. கிட்டத்தட்ட இப்படி: "ஐயா, நாங்க தஞ்சாவூர்ல இருந்து வர்றோம், ரைஸ் மில்லுக்கு கலர் சார்ட்டர் போட்டு சர்வீஸும் நாங்களே பாக்குறோம். இந்தப் பக்கமே நாங்க போட்ட மெஷின் ஓடுது, சர்வீஸ் ஆளும் ஸ்பேரும் தஞ்சாவூர்லயே இருக்கு. நீங்க போன்ல கருப்பரிசி வர்றது நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்க, அதை பாக்கத்தான் வந்தோம்." அவ்வளவுதான். கடைசி வாக்கியம்தான் முக்கியம், அது அவரு வாயால வந்ததா இருக்கணும். அதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குறப்பவே "இப்ப என்ன மெஷின் ஓடுது, என்ன தொந்தரவு"ன்னு கேட்டு வச்சுக்கணும், கேக்காம போனா அந்த இடத்துல சொல்ல ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, பக்கத்து மில்லு பேரை சொல்றதுக்கு முன்னாடி அந்த ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. டெல்டால மில்லுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா இருப்பாங்க, இல்லன்னா பேச்சுவார்த்தையே இருக்காது, ரெண்டுமே நமக்கு சிக்கல்தான். அவங்க மில்லு கணக்கை இங்க சொன்னீங்கன்னா, நாளைக்கு நம்ம கணக்கையும் வெளிய சொல்லுவான்னு இவரு நினைப்பாரு.

இப்ப டீம். ஆளாளுக்கு எந்திரிச்சு "ஐயாம் ரீஜனல் மேனேஜர்"னு சொல்ற வழக்கத்தை விட்டுடுங்க, மில்லுக்காரருக்கு அந்தப் பதவியால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒருத்தரே மூணு பேரையும் அறிமுகம் பண்ணட்டும், ஒவ்வொருத்தர் பேரோடயும் அந்த ஆளு இவருக்கு என்ன செய்வாருன்னு ஒரு வரி. முதல்ல டெக்னீஷியன். "மெஷின் மாட்டுறதும் இவருதான், நாளைக்கு ரிப்பேர்னாலும் இவருதான் வருவாரு, ஏர் லைனை பாக்கத்தான் இன்னைக்கு கூட்டிட்டு வந்தோம்"னு சொல்லுங்க. கம்ப்ரஸர் காத்துல ஈரமோ எண்ணெயோ இருந்தா, காத்தை ஊதி கெட்ட அரிசியை தள்ளுற எஜெக்டர் சரியா அடிக்காது, நல்ல அரிசியும் சேந்து ரிஜெக்ட்ல போகும், மெஷினையே மாத்த வேண்டியதில்லாம இதுலயே தொந்தரவு பாதி தீர்ந்தாலும் தீரும். இதை டெக்னீஷியனே ரெண்டு வார்த்தை சொல்லட்டும், சேல்ஸ் ஆளு சொன்னா விக்கிற பேச்சாத்தான் தெரியும். அப்புறம் பேங்க் லோன், கொட்டேஷன் பாக்குற ஆளு. பேசுறவரு தன்னை கடைசியா சொல்லிக்கட்டும். ஒரு ஆளுக்கு இந்த ஒரு வரி கிடைக்கலன்னா அவரை கூட்டிட்டே போகாதீங்க, சும்மா உக்காந்திருக்குற ஆளு மில்லுக்காரர் கண்ணை உறுத்தும்.

அடுத்து அவங்க பக்கம். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. பெரியவரு சேர்ல இருப்பாரு, மகன் கம்ப்யூட்டர் பக்கம் நிப்பாரு, கணக்குப்பிள்ளை ஓரமா இருப்பாரு, மில்லு ஆபரேட்டர் வாசல்ல. "ஐயா, இவங்கள்லாம்?"னு பெரியவர்கிட்டயே கேளுங்க, அவரு எந்த வரிசையில யாரை சொல்றாருன்னு கவனிச்சாலே யாரு பேச்சுக்கு மதிப்புன்னு ஓரளவு தெரிஞ்சுடும். மெஷினை ஓட்டப்போறது ஆபரேட்டர், அவருக்கு புடிக்கலன்னா ஆறு மாசத்துல "மெஷின் சரியில்ல முதலாளி"ன்னு பேச்சு வந்துடும், அதனால உங்க டெக்னீஷியன் அவர்கிட்ட பேரு கேட்டு பேசணும்.

நடுவுல "அதெல்லாம் சரி, ரேட்டு எவ்வளவு"ன்னு கேட்டா பதறாதீங்க. உங்க பேச்சு நீளுதுன்னு அர்த்தம். மழுப்பாம, இந்த ரேஞ்சுல இருந்து இந்த ரேஞ்சுக்குள்ளன்னு சொல்லிட்டு, "ஒரு மணிக்கு எத்தனை டன் ஓட்டுறீங்க, புழுங்கலா பச்சரிசியா, அதை வச்சுத்தான் எந்த மாடல்னு சரியா சொல்ல முடியும்"னு கேளுங்க, அங்கேயே அறிமுகத்தை நிப்பாட்டிட்டு "ரிஜெக்ட் அரிசியை ஒரு கை பாக்கலாமாங்க"ன்னு எந்திரிச்சு மில்லுக்குள்ள போயிடுங்க. காட்டாம போன பிரவுச்சர் பையிலயே இருக்கட்டும், கிளம்பறப்ப மகன் கையில குடுத்துக்கலாம்.