பார்கின்சன் நோயாளிக்கு இல்லாத ஆட்கள் தெரிந்தால்

கேள்வி: மாமாவுக்கு (கணவரின் அப்பா) 74 வயது. பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா, பிரமிபெக்சோல், டிரைஹெக்சிபெனிடில் சாப்பிடுகிறார். ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறார். பேய்க்கோளாறு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு நாலு நாள் ரிஸ்பெரிடோன் கொடுத்தோம். பிள்ளைகள் போய்விட்டார்கள், ஆனால் இப்போது கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. என்ன செய்வது?
- வாசகி, தக்கலை

பதில்: ரிஸ்பெரிடோனை இனி கொடுக்காதீர்கள். லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறி வேலை செய்கிறது. ரிஸ்பெரிடோன் அந்த டோபமைன் போய்ச் சேரும் இடத்தையே அடைத்துவிடும். ஹாலோபெரிடால், ஓலன்சபின், ஏன், வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடுகூட அப்படித்தான். நிறுத்தினால் சில நாட்களில் மெல்ல அசைவு திரும்பும். காய்ச்சல் வந்து உடல் விறைத்தாலோ, விழுங்கத் திணறினாலோ உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். லெவோடோபாவை மட்டும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பேய் இல்லை, நோயும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த வயதில் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல் ஆகியவையும் காட்சிகளைக் கிளப்பும் என்பதால் முதலில் சிறுநீர், ரத்தப் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லையென்றால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் குறைக்க வேண்டும். நான் முதலில் கை வைப்பது டிரைஹெக்சிபெனிடிலில்தான். அது நடுக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் முதியவர்களைக் குழப்பும். சில வாரங்களில் படிப்படியாக எடுத்துவிடலாம். அடுத்து பிரமிபெக்சோல், அதையும் மெதுவாகத்தான். லெவோடோபாவில் கடைசியாகத்தான் கை வைப்போம், ஏனென்றால் நடையைத் தாங்குவது அதுதான். இதையெல்லாம் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டும்.

குறைக்கும்போது நடை சற்று மந்தமாகலாம். எவ்வளவு வரை பொறுக்கலாம்? அவர் தானாக எழும்பிக் கழிப்பறைக்குப் போய்வருகிறார் என்றால் அது போதும் என்பேன். பிள்ளைகள் நிஜமில்லை என்று அவருக்கே தெரிந்து, பயமும் இல்லையென்றால், அந்தக் காட்சி அடியோடு மறையவேண்டும் என்றுகூட இல்லை. முற்றத்தில் நல்ல வெளிச்சம் போடுங்கள், கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பயந்து கத்துகிறார், தூங்கவில்லை என்றால் அப்புறம்தான் மனநோய் மருந்து. பெரும்பாலும் க்வெடியபின், இரவில் 12.5 மில்லிகிராமில் தொடங்குவோம். அசைவை அதிகம் கெடுக்காது. ஆனால் எழும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழக்கூடும். அதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்டது க்ளோசபின், அதுவும் மிகக் குறைந்த அளவில். வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால் ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். மறதி நோயும் சேர்ந்த முதியவர்களில் இந்த வகை மருந்துகள் எல்லாமே பக்கவாத, மரண ஆபத்தைக் கூட்டுகின்றன. அதனால் காட்சிகள் அடங்கியபின், இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, பிள்ளைகள் எத்தனை மணிக்கு என்று ஒரு வாரத்துக்கு எழுதிக் கொண்டுபோங்கள். சளி, சிறுநீர், தூக்கம் என்று இடையில் வாங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.