தாமதத்தை ஒப்புக்கொண்டு எழுதினால் அதுவே வழக்காகுமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் நான். ஜனவரி 31-ல் சாவி தருவதாக ஒப்பந்தம். தாமதமானால் நாளுக்கு ரூ.1,000 கழிவு. இப்போது 45 நாள் தள்ளும். மழையில் 10 நாள், தீபாவளிக்குப் போன சென்ட்ரிங் ஆட்கள் வராமல் 14 நாள், ஜன்னல் அளவை நான் தவறாகக் கொடுத்ததில் 12 நாள், வீட்டுக்காரர் மாடிப்படியை மாற்றச் சொன்னதில் 13 நாள். உண்மையை எழுதித் தெரிவிக்க நினைக்கிறேன். 'கையால் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே' என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?

பதில்: எழுதுங்கள். ஜனவரி 31 தாண்டுவதற்கு முன்பே எழுதுங்கள். வேலை முடியவில்லை என்பதற்கு உங்கள் கடிதம் தேவையில்லை, பூசாத சுவரே சாட்சி. வழக்கு என்று வந்தால் கேட்கப்போவது எந்த நாள் யாரால் போனது என்பதைத்தான். அதை அன்றன்றைக்கு எழுதி வைத்தவர் பக்கம்தான் நம்பிக்கை இருக்கும்.

முதலில் கணக்கைச் சரி செய்யுங்கள். நீங்கள் சொன்ன நான்கையும் கூட்டினால் 49 வருகிறது, தாமதமோ 45. ஆட்கள் வராத நாட்களில் நான்கு நாள் மழையும் பெய்திருக்க வேண்டும். அந்த நான்கை இரண்டு தடவை எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு ஓட்டையை வைத்தே மொத்தப் பட்டியலையும் பொய்யாக்கிவிடுவார். வேலையிட நோட்டைப் பார்த்து மழையை ஆறு நாளாகக் குறையுங்கள்.

அடுத்தது, யார் பொறுப்பு என்பது. ஜன்னல் 12 நாள் உங்களுடையது, அதில் பேச்சில்லை. ஆட்கள் வராத 14 நாளும் உங்களுடையதுதான். ஆள் பிடித்து வேலை வாங்குவது காண்ட்ராக்டரின் சுமை, தீபாவளி எதிர்பாராத சம்பவமும் அல்ல. மழையைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். மழை நாட்களுக்கு அவகாசம் உண்டு என்ற வரி இருந்தால் அந்த ஆறு நாளைக் கழிக்கலாம். இல்லையென்றால், ஐப்பசி கார்த்திகையில் மழை வரும் என்று தெரிந்தே தேதி கொடுத்தவர் நீங்கள். ஆக உங்கள் பங்கு 26 நாள், மழை வரி இல்லாவிட்டால் 32 நாள். மாடிப்படி 13 நாள் வீட்டுக்காரருடையது, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் படமோ குரல் செய்தியோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள், அந்தக் கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்டப் பாரதிய சாட்சிய சட்டம் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

உங்கள் மைத்துனரின் பயம் முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். 'ஜன்னல் அளவைத் தவறாகக் கொடுத்தேன்' என்பது நடந்ததை ஒப்புக்கொள்வது. 'உங்களுக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்தையும் நானே ஏற்கிறேன்' என்பது எல்லையில்லாத புது வாக்குறுதி. முதலாவதை எழுதலாம், இரண்டாவதை எழுதவே கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கழிவுத்தொகைதான் உச்சவரம்பு. நீதிமன்றம் அதற்குள் நியாயமானதை மட்டுமே கொடுக்கும். நாளுக்கு ரூ.1,000 என்ற அந்த வரி உங்களுக்கும் காப்பு, அதை நீங்களே உடைக்காதீர்கள்.

'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று மேலே எழுதிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். சமரசப் பேச்சுக்கு அது சரி. இங்கே வேண்டாம். நாளை நீங்களே ஆதாரமாகக் காட்ட விரும்பும் கடிதம் இது.

புதுத் தேதிதான் இதில் அதிக ஆபத்தான வரி. இழந்த நாட்களைக் கூட்டித் தேதி சொல்லாதீர்கள், மிச்சமுள்ள வேலையை முன்னோக்கி எண்ணுங்கள். பூச்சு முடிந்து குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும், சுவர் காய்ந்த பிறகே பட்டி, ஜன்னல் பொருத்தாமல் ஓரப்பூச்சு முடியாது. அப்படி எண்ணியும் மார்ச் 17 வந்தால் அதை எழுதுங்கள், 25 வந்தால் 25 என்றே எழுதுங்கள். நாள் கழிவும் கால நீட்டிப்பும் உள்ள கட்டட ஒப்பந்தத்தில் தேதி பொதுவாக ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஆகாது என்பது 1979-ல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் பிப்ரவரி 1-ம் தேதியே அவர் உங்களை வெளியேற்றுவது எளிதல்ல. ஆனால் நியாயமான அவகாசம் கொடுத்து, அதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று அவர் நோட்டீஸ் விடலாம். நீங்களே கொடுத்த இரண்டாவது தேதியும் தவறினால் அந்த நோட்டீசுக்குப் பலம் கூடிவிடும்.

இன்னொன்று, மார்ச் 17 பங்குனியில் விழுகிறது. தையில் குடிபுக இருந்தவர்கள் மாசி, பங்குனியைத் தவிர்த்தால் சித்திரை வரை வாடகை கட்டுவார்கள். எழுதுமுன் இதைக் கேட்டு வையுங்கள், அவர்கள் கோபத்தின் அளவு அதில்தான் இருக்கும்.

முதலில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அன்றே இதை அனுப்புங்கள். மழை வரி உங்கள் ஒப்பந்தத்தில் உண்டு என்று வைத்து எழுதியிருக்கிறேன்:

'வணக்கம் சார். ஜனவரி 31-ல் சாவி தர முடியாது, மார்ச் 17-ல் தருகிறேன். இந்த 45 நாளில் 26 நாள் என்னால் ஆனது: ஜன்னல் அளவை நான் தவறாகக் கொடுத்ததில் 12, சென்ட்ரிங் ஆட்கள் வராததில் 14. மழையில் 6 நாள், ஒப்பந்தத்தின் மழை விதிப்படி. மாடிப்படி மாற்றத்தில் 13 நாள். அன்றே இதனால் நாள் கூடும் என்று உங்களுக்கு எழுதாதது என் தவறு. சரியான அளவில் ஜன்னல் ஆர்டர் கொடுத்தாயிற்று, பிப்ரவரி 5-ல் வரும், ரசீது இணைத்துள்ளேன். பிப்ரவரி 20-க்குள் டைல்ஸ் முடியும். வாரம்தோறும் சனிக்கிழமை மாலை படத்துடன் நிலவரம் அனுப்புகிறேன். என்னால் ஆன 26 நாளுக்கு ரூ.26,000 கடைசி பில்லில் கழித்துக்கொள்கிறேன். இதை ஏற்று, கால நீட்டிப்புக்குச் சம்மதம் என்று எழுத்தில் தெரிவித்தால் ஒப்பந்தத்துடன் இணைத்து இருவரும் கையெழுத்திடலாம். நாள் கணக்கில் மாற்றுக் கருத்து இருந்தால் நோட்டுடன் வந்து உட்கார்ந்து பேசுகிறேன்.'

அடுத்த கட்டப் பணத்தை இதே செய்தியில் கேட்காதீர்கள், மிரட்டலாகப் படிக்கப்படும். பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் இதையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். அவர் சம்மதித்தால் ஒப்பந்தச் சட்டம் 63-ம் பிரிவின்படி கால நீட்டிப்பு செல்லும், அதற்குத் தனியாகப் பணம் எதுவும் கைமாற வேண்டியதில்லை. ஆனால் அந்த இணைப்புத் தாளில், 'இந்த 45 நாள் தாமதத்துக்கு ரூ.26,000 முழுத் தீர்வு' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

தேதி உயிர்நாடியாக உள்ள ஒப்பந்தத்தில், தாமதமான சாவியை அவர் பேசாமல் வாங்கிக்கொண்டால் பிறகு இழப்பீடு கேட்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டம் 55-ம் பிரிவில் இருக்கிறது. அதை நம்பி இந்தத் தாளைத் தவிர்க்காதீர்கள். சாவி வாங்கும்போதே 'இழப்பீடு கேட்பேன்' என்று அவர் ஒரு வரி தெரிவித்துவிட்டால் அந்தத் தடை இல்லாமல் போகும்.