மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு: பைக் டாக்சியா, இ-ரிக்‌ஷாவா?

"ஸ்டேஷனிலிருந்து வீடு 2 கி.மீ. உள்ளே. எதில் போனால் சீக்கிரம்?"

ஓடும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கு 15 கி.மீ. போகும் இ-ரிக்‌ஷாவுக்கு 8 நிமிடம், சந்துகளில் 20 கி.மீ. போகும் பைக்குக்கு 6 நிமிடம். நேரத்தைத் தின்பது காத்திருப்புதான்.

ஷேர் இ-ரிக்‌ஷா, சீட் நிரம்பினால்தான் நகரும். மாலை நெரிசலில் ஒரு ரயில் வந்ததுமே நிரம்பிவிடும். இரவில் மூன்று பேரோடு அடுத்த ரயிலுக்காக நிற்கும், அப்போது பைக்தான் சரி.

பைக்கில் சிக்கல் வேறு. பாதாள ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்தே புக் செய்தால் (நானும் செய்திருக்கிறேன்) ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது, மேப்பில் பிக்கப் பாயிண்ட் எதிர்ப்பக்க வாசலில் போய் விழும். நடுவில் டிவைடர் இருந்தால், வண்டி கண்ணெதிரே நிற்கும், நம்மிடம் வர யு-டர்ன் தேடிப் போகும். வெளியே வந்து, நீலப் புள்ளி நிலையானதும், வீட்டுப் பக்கம் போகும் சாலையோரமாகப் பிக்கப் பாயிண்டை நகர்த்தி, வாசல் எண்ணையும் மெசேஜில் போட்டுவிடுங்கள்.

கையில் பெரிய பெட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இ-ரிக்‌ஷாதான்.