எழுத்து 12 சரியாக வந்தும் ஸ்லோகம் இடறுவது ஏன்?

கேள்வி: பினாங்கில் எங்கள் பஜனைக் குழு புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேங்கடேச ஸ்தோத்திரம் பாடுகிறது. "ப்ரமுகாகில தேவதா மௌலிமணே" என்ற அடியில் மட்டும் தாளம் இடறுகிறது. எண்ணிப் பார்த்தால் மற்ற அடிகளைப் போல 12 எழுத்துதான் வருகிறது. சொல் ஏதும் கெட்டுப்போயிருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

கெட்டுப்போன சொல் "தேவதா". அங்கே இருக்க வேண்டியது "தைவத". எண்ணிக்கை இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் மூன்று எழுத்துதான். எண்ணிய பிறகு ஒவ்வொரு எழுத்தும் குறுகிய அளவான லகுவா நீண்ட அளவான குருவா என்று குறித்தால்தான் பிழை வெளியே வரும்.

எண்ணும் முறை தமிழ் யாப்பு படித்தவர்களுக்குப் புதிதல்ல. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி 16, 17 என்று எண்ணுகிறோமே, அதேபோலப் புள்ளி எழுத்தை விட்டுவிட்டு உயிர் ஒலிகளை மட்டும் எண்ண வேண்டும். எடை போடுவதில்தான் வேறுபாடு. நெடில் என்றால் குரு. குறிலுக்குப் பின்னால் புள்ளி எழுத்து வந்தால் அந்தக் குறிலும் குரு. மீதிக் குறில் எல்லாம் லகு. சொற்களுக்கு நடுவே அச்சில் விட்டிருக்கும் இடைவெளியை மறந்துவிட்டு, அடி முழுவதையும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிக்கொண்டு தொடங்குங்கள். அடுத்த சொல்லின் முதலில் நிற்கும் ஒற்று, முந்திய சொல்லின் கடைசிக் குறிலைக் குருவாக்கிவிடும். இடைவெளி இருந்தால் கண் அதைத் தவறவிடும்.

இந்த ஸ்தோத்திரத்தின் சந்தம் தோடகம். லகு, லகு, குரு என்ற மூன்றெழுத்துக் கணம் ஓர் அடியில் நான்கு தடவை வரும். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு என்று வைத்தால் கணத்துக்கு 4, அடிக்கு 16 மாத்திரை. "பவ சங்கர தேசிக மே சரணம்" என்ற தோடகாஷ்டக வரியும் இதே அளவுதான். அது உங்கள் குழுவில் எல்லோருக்கும் வாயில் நிற்கும் என்பதால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அடியை அப்படியே பிரித்தால்:

ப்ர மு கா | கி ல தே | வ தா மௌ | லி ம ணே
ல ல கு | ல ல கு | ல கு கு | ல ல கு

முதலில் உள்ள "ப்ர"வைக் குரு என்று குறித்துவிடாதீர்கள். பார்க்கக் கனமாக இருந்தாலும் கூட்டெழுத்து தனக்கு முன்னால் உள்ள எழுத்துக்குத்தான் எடை கொடுக்கும், தனக்கு அல்ல. "ப்ர" லகுவே. மூன்றாம் கணத்தைப் பாருங்கள். எட்டாம் எழுத்தில் லகு வர வேண்டிய இடத்தில் "தா" நெடிலாக நிற்கிறது. அடியின் கூட்டுத்தொகை 17 மாத்திரை. நீங்கள் தாளத்தில் உணர்ந்த இடறல் இந்த ஒரு மாத்திரைதான்.

இனி எட்டாம் எழுத்தை மட்டும் குறுக்கினால் "தேவத" என்று வரும். சந்தம் சரியாகிவிடும், ஆனால் அப்படி ஒரு சொல் இங்கே பொருந்தாது. தேவதா என்பது ஆகாரத்தில் முடியும் பெண்பாற்சொல், சமாசம் என்ற கூட்டுச்சொல்லின் நடுவிலும் அந்த ஆகாரம் குறுகுவதில்லை. ஆகவே ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று எழுத்தும் சேர்ந்த சொல்லையே சந்தேகிக்க வேண்டும். குரு, லகு, லகு என்ற எடையும் தெய்வம் என்ற பொருளும் உள்ள சொல் "தைவத". முந்திய அடியோடு சேர்த்துப் படித்தால் பொருளும் உட்கார்ந்துவிடுகிறது: நான்முகன், ஆறுமுகன், ஐந்துமுகன் முதலான எல்லாத் தெய்வங்களுக்கும் முடிமணியே என்பது அந்த நீண்ட விளி.

இதில் கவனிக்க வேண்டியது, சந்தம் உடைந்த இடமும் எழுத்து மாறிய இடமும் முழுவதும் ஒன்றல்ல என்பது. "தை"யும் குரு, "தே"யும் குரு. ஆறாம் இடத்தில் நடந்த மாற்றம் எடையில் தெரியவே தெரியாது. எட்டாம் இடத்தில்தான் மணி அடிக்கும். ஓர் எழுத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் அரைகுறைத் திருத்தமே மிஞ்சும். சந்தம் இடத்தைக் காட்டும், எந்தச் சொல் என்பதை இலக்கணமும் பொருளும்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்றம் எந்தத் திசையில் நடந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். தேவதா எல்லோருக்கும் தெரிந்த சொல், தைவத அவ்வளவாகத் தெரியாதது. படி எடுப்பவர் தெரியாத சொல்லைத் தெரிந்ததாக மாற்றுவார், தலைகீழாக மாற்றுவது அபூர்வம். பிள்ளைகளுக்காக ரூமி என்கிற ரோமன் எழுத்தில் அடித்த பிரதியிலிருந்து திரும்பத் தமிழுக்கு வந்திருந்தால் இன்னும் சுலபமாகக் கெடும். குறில் நெடில் காட்டாத ரூமியில் devata என்று இருப்பதைத் தேவத என்றும் படிக்கலாம், தேவதா என்றும் படிக்கலாம்.

எண்ணிக்கையே தவறும் இடங்களும் உண்டு. அங்கே வேலை இன்னும் எளிது. இதே ஸ்தோத்திரத்தின் இன்னோர் அடியில் மரியாதைக்காக ஒரு "ஸ்ரீ" சேர்த்து "விஜயீ பவ ஸ்ரீ வேங்கட சைலபதே" என்று அச்சிட்டிருந்தால் 13 எழுத்து வரும். அப்போது இரண்டு முனையிலிருந்தும் சரிபாருங்கள். முன்னாலிருந்து வி, ஜ, யீ, ப வரை நான்கு எழுத்து ஒத்துப்போகும். ஐந்தாவதான "வ", "ஸ்ரீ"க்கு முன்னால் நிற்பதால் குருவாகி உடையும். கடைசியிலிருந்து தே, ப, ல, சை, ட, க, வே(ங்) என்று ஏழு ஒத்துப்போகும், அதற்கு அடுத்து லகு வர வேண்டிய இடத்தில் "ஸ்ரீ" குருவாக நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டவை "வ", "ஸ்ரீ" இரண்டுதான். "ஸ்ரீ"யை எடுத்துவிட்டால் "வ" தானாக லகுவாகிவிடுகிறது. ஓரெழுத்து விடுபட்டிருந்தாலும் இதே வழிதான். முன்னாலிருந்து மட்டும் பார்த்தால் பிழைக்குப் பின் எல்லாமே தப்பாகத் தெரிந்து குழப்பும்.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட பிரதிகளில் பொய்யான பிழைகளும் தோன்றும். இல்லாத பிழையைத் திருத்தினால் நல்ல பாடம் கெட்டுவிடும் என்பதால் இவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, "ரு" ஒலியுள்ள உயிர். வடமொழியில் அது ஓர் உயிரெழுத்து. அதற்குத் தனிக் குறி நம்மிடம் இல்லாததால் க்ரு, வ்ரு என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். அடுத்த ஸ்லோகத்தில் "அனுவேல க்ருதைரபராத சதை:" என்று வருகிறது. "க்ரு"வைக் கூட்டெழுத்தாக எண்ணினால் நான்காம் எழுத்தான "ல" குருவாகி அடி உடைவதுபோல் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது ககரமும் உயிரும் மட்டுமே. ல லகு, க்ரு லகு, தை குரு என்று கணம் சரியாக இருக்கிறது. ஆனால் "ப்ரமுக"வில் உள்ள "ப்ர" அசல் கூட்டெழுத்து. அதற்கு முந்திய அடி "பஞ்சமுக" என்று குறிலில் முடிந்தாலும் இந்த "ப்ர"வினால் கடைசி "க" குருவாகிறது. இது தெரியாமல் "பஞ்சமுகா" என்று நீட்டத் தேவையில்லை.

இரண்டாவது, ஐகாரமும் ஔகாரமும். தமிழில் ஐகாரக் குறுக்கம் பழகிய காது "தை"யைக் குறிலாக எடுத்துக்கொள்ளும். வடமொழிச் சந்தத்தில் ஐ, ஔ இரண்டும் எந்த இடத்திலும் குருவே. அதோடு "மௌ" என்பதைப் பலர் "மெ"யும் "ள"வும் தனித்தனியாகத் தட்டி "மெள" என்று உருவாக்குகிறார்கள். கணினியில் எண்ணினால் ஓர் எழுத்து கூடும், தாளில் எண்ணுகிறவரும் "மெ-ள" என்று பிரித்து 13 சொல்வார். திரையில் சந்தேகம் வந்தால் அந்த எழுத்தின் மேல் ஒருமுறை பின்னழிப்பு விசையைத் தட்டிப் பாருங்கள். "ள" மட்டும் மறைந்து "மெ" நின்றால் தவறாகத் தட்டப்பட்டது. "ம" மட்டும் மிஞ்சினாலோ முழு எழுத்தும் மறைந்தாலோ அது அசல் ஔகாரம்.

பாடலைக் கேட்டு எண்ண வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராகத்துக்காக லகுவை இழுப்பார்கள், அது எழுத்தின் அளவு ஆகாது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் அடி வரும் ஸ்லோகத்தின் மூன்றாம் அடி "சரணாகத வத்ஸல ஸாரநிதே". தமிழில் சரணாகதி என்ற சொல் புழங்குவதால் "சரணாகதி வத்ஸல" என்று எங்கேயாவது அச்சானால் சந்தம் வாயே திறக்காது. "த"வும் அடுத்து வரும் "வ"வைப் பார்க்க லகு, "தி"யும் லகு. சரணடைந்தவரிடம் அன்புள்ளவனே என்ற பொருளை வைத்துத்தான் "கத" என்று தீர்மானிக்க வேண்டும். ப, த, க வரிசைகளில் எந்த ஒலி என்பதையும் சந்தம் சொல்லாது.

அனுஷ்டுப் என்ற சந்தத்தில் இந்தச் சோதனையின் வலை இன்னும் அகலமான கண்ணுள்ளது. எட்டெழுத்து அடியில் ஐந்தாவது லகு, ஆறாவது குரு, ஏழாவது ஒற்றைப்படை அடியில் குரு, இரட்டைப்படை அடியில் லகு என்பதுதான் அடிப்படை விதி. முதல் நான்கில் நிறைய சுதந்திரம். "ஸூர்யகோடி ஸமப்ரப" என்றும் "கோடிஸூர்ய ஸமப்ரப" என்றும் வக்ரதுண்ட ஸ்லோகத்தை இரு விதமாகப் பாடுகிறார்களே, இரண்டிலும் முதல் நான்கு எழுத்து குரு, லகு, குரு, லகு. எது மூலம் என்று எண்ணி முடிவு கட்ட முடியாது. அதற்கு வேறு வேறு மூலத்திலிருந்து வந்த பிரதிகள் வேண்டும். ஒரே புத்தகத்தின் பத்து போட்டோஸ்டேட் பிரதிகளும் ஒரே சாட்சிதான்.

உங்கள் அடிக்கு அந்தச் சிக்கல் இல்லை. தேவநாகரியிலோ கிரந்தத்திலோ அச்சான ஒரு பிரதியில் "தைவத" என்று உறுதி செய்துகொண்டு, "ப்ரமுகாகில தைவத மௌலிமணே" என்று திருத்தி அடியுங்கள். "தெய்வத" என்று தமிழ்ப்படுத்தி எழுதிய பிரதி கிடைத்தாலும் அது இதே சொல்தான், எடையும் மாறாது. திருத்தும்போது மற்ற அடிகளில் "விஜயீ" குறில் ஆகி "விஜயி" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் முதல் கணத்திலேயே மூன்று லகு வந்து 15 மாத்திரைதான் தேறும்.