சேரை விட வாஷ் யூனிட்டுக்குத்தான் காசு

கடிதம்:

அக்கா, புதுசா சலூன் போடப் போறேன். மூணு சேர், ஒரு வாஷ் யூனிட், ரெண்டு ட்ராலி வாங்கணும். எல்லாத்துலயும் உசத்தியானதா வாங்க காசு பத்தாது. எல்லாரும் சேருக்குத்தான் அதிகம் போடணும்ங்கிறாங்க. நீங்க சொல்லுங்க, எதுல குறைச்சுக்கலாம்?

பதில்:

தம்பி, நானா இருந்தா முதல்ல வாஷ் யூனிட்டுக்குக் காசை ஒதுக்கிட்டுத்தான் மத்ததைப் பார்ப்பேன். ஏன்னா சேர்ல உக்காந்தவங்க வலிச்சா அசைஞ்சு உக்காந்துக்குவாங்க, வாஷ்ல படுத்தவங்களால அது முடியாது, தலை பாரம் முழுக்க பேசின் விளிம்புல கழுத்து வழியா இறங்கி நிக்கும். 1993லயே அமெரிக்காவுல ஒரு நரம்பியல் டாக்டர், இப்படி பேசின்ல கழுத்தைப் பின்னாடி வளைச்சுப் படுத்ததுக்கு அப்புறம் பக்கவாதம் மாதிரி பாதிப்பு வந்த அஞ்சு பேரைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார். ரொம்ப அபூர்வமா நடக்கிறதுதான், ஆனா கழுத்து வலியும் தலைச்சுத்தலும் அபூர்வம் இல்ல.

அதனால முன்னும் பின்னும் சாயுற பேசினா பாருங்க. என் முதல் கடையில அசையாத பேசின்தான் வாங்கினேன், விலை பாதிதான்னு. குள்ளமானவங்க படுத்தா கழுத்து விளிம்புக்கே எட்டாது, கீழ துண்டை மடிச்சு வெச்சு ஏத்துவோம், துண்டு நனைஞ்சதும் தண்ணி அப்படியே முதுகு வழியா ஜாக்கெட்டுக்குள்ள இறங்கும். உயரமானவங்களுக்கு தாடை மேல பார்த்துத் தூக்கிட்டு நிக்கும். சாயுற பேசின்னா கழுத்து எங்க இருக்கோ அங்க அது வரும்.

வாங்கப் போறப்ப உங்களை விட குள்ளமா ஒருத்தர், உயரமா ஒருத்தர் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பேரையும் கண்ணை மூடிட்டு ஏழெட்டு நிமிஷம் படுக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் எல்லா பேசினும் சுகமாத்தான் இருக்கும், வித்தியாசம் அஞ்சு நிமிஷத்துக்கு மேலதான் தெரியும். கழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல உங்க விரலை விட்டுப் பாருங்க, ஒரே இடத்துல மட்டும் அழுத்தினா வேணாம். அப்புறம் ரெண்டு கையாலயும் பேசினைப் பிடிச்சு ஆட்டுங்க, இப்பவே லொடலொடன்னா ஒரு வருஷத்துல கீல் போயிடும். செராமிக் பேசின் கனம்தான், ஆனா கலர் போட்டு அலசினா கறை பிடிக்காது. பிளாஸ்டிக்ல மெல்ல மெல்ல கீறல் விழுந்து அதுக்குள்ள கலர் இறங்கிடும், எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்கு மாதிரியே தெரியும். இன்னொண்ணு, முடி பிடிக்கிற வடிகட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்க, கடைக்காரர் முன்னாடியே. பின்பக்கப் பலகையை நாலு ஸ்க்ரூ கழட்டினாதான் எடுக்க முடியும்னா உங்க கடைப் பையன் தினம் அதைச் சுத்தம் பண்ண மாட்டான், அடைச்சுக்கும். உங்க கடையில கழிவுக் குழாய் வாய் எந்த உயரத்துல வருதுன்னும் அளந்துட்டுப் போங்க, யூனிட்டோட குழாய் அதை விட மேல இருக்கணும், இல்லன்னா தண்ணி தேங்கும்.

சேர்ல அலங்காரத்துக்கு மயங்காதீங்க, பம்ப்பைப் பாருங்க. நல்ல கனமான ஆளை உக்கார வெச்சு மிதிச்சு முழு உயரத்துக்கு ஏத்தி, பக்கத்துச் சுவர்ல சீட் உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு போடுங்க, கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா உள்ள ஆயில் சீல் சரியில்ல. நடுத் தண்டுல எண்ணெய் பிசுக்கு இருந்தாலும் அதே கதைதான். பம்ப் மட்டும் தனியா மாத்திக் கிடைக்குமான்னு கேட்டுக்கங்க, கிடைக்கும்னா விலை கொஞ்சம் கம்மியான சேரையே எடுக்கலாம், பம்ப் போனா சேரையே தூக்கிப் போட வேண்டியதில்ல. ரெக்சின்ல பார்க்க தோல் மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கிற ரகம் நிறைய, வியர்வையும் துடைக்கிற ஸ்பிரிட்டும் பட்டுப் பட்டு செதில் செதிலா உரிய ஆரம்பிச்சிடும், கொஞ்சம் விறைப்பா இருக்கிற வினைல் அதை விட நாள் தாங்கும். சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல கை நுழையுற இடைவெளி இருக்கட்டும், முடி கீழ விழுந்துடும், தையலுக்குள்ள போய் குத்தாது.

ட்ராலியிலதான் நல்லா குறைச்சுக்கலாம், தட்டு எத்தனைங்கிறதெல்லாம் முக்கியமே இல்ல, சக்கரம் மட்டும் கழட்டி மாட்டுற மாதிரி இருந்தாப் போதும். முடி அச்சுல சுத்திக்கிட்டு ஒரு சக்கரம் நின்னாலும் ட்ராலி வழுக்காம இழுத்துட்டு கவிழப் பார்க்கும், மேல இருக்கிற கலர் கிண்ணம் கஸ்டமர் மடியில. வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி, சின்னக் கத்திரியால முடியை வெட்டி எடுத்துட்டு மாட்டிடுங்க.