பதிவை விடக் கேள்விகளுக்கான கால அட்டவணையை முதலில் போடுங்கள்

கேள்வி: எங்கள் குழு மூன்று நேர மண்டலங்களில் பிரிந்திருக்கிறது. ஒரு நடைமுறை மாற்றத்தை எல்லோருக்கும் விளக்க வேண்டும். பொதுவான கூட்ட நேரம் கிடைக்கவில்லை. விளக்கத்தைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பிவிட்டுக் கேள்விகளை எழுத்தில் பெறலாம் என்றிருக்கிறேன். இதை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

இதே நிலையில் நான் இருந்தபோது முதலில் செய்த தவறு, என் உழைப்பில் பெரும்பகுதியைக் காணொளிக்குச் செலவிட்டுவிட்டு, கேள்விகளைப் பற்றிக் கடைசி ஸ்லைடில் "சந்தேகங்களை எழுதி அனுப்பவும்" என்று ஒரு வரி மட்டும் சேர்த்ததுதான். ஆகவே நான் இரண்டாம் முறை செய்ததையே இங்கே விவரிக்கிறேன். அப்போது நான் பெர்லினில் இருந்தேன். மற்ற 13 பேர் சிங்கப்பூரிலும் பெர்லினிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்தார்கள். வாடிக்கையாளர் புகார்களுக்கு அதுவரை இருந்த ஐந்து அவசர நிலைகளை மூன்றாகக் குறைப்பதுதான் விளக்க வேண்டிய மாற்றம்.

முதலில் ஒரு தாளில் எல்லோருடைய வேலை நேரத்தையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதிப் பாருங்கள். குளிர்காலக் கணக்கில், காலை 9 முதல் மாலை 6 வரையிலான வேலை நாள் சிங்கப்பூரில் யூடிசி 01:00 முதல் 10:00 வரையிலும், பெர்லினில் 08:00 முதல் 17:00 வரையிலும், சான் பிரான்சிஸ்கோவில் 17:00 முதல் மறுநாள் 02:00 வரையிலும் அமைகிறது. மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒரு நிமிடம்கூட இல்லை என்பது இதில் உடனே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, ஒரு நாளில் எந்த நேரத்தில் பதில்களை வெளியிட்டால் யாரும் ஒரு நாளை இழக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். என் வசதிப்படி காலை 9 மணிக்கு, அதாவது யூடிசி 08:00க்குப் பதில் எழுதியிருந்தால், அப்போது சிங்கப்பூரில் மாலை 4 மணி. 5 மணிக்குக் கேள்வி எழுதியவர் மறுநாள் மாலை 4 மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மாறாக யூடிசி 16:00க்கு, என் மாலை 5 மணிக்கு எழுதினால், சிங்கப்பூர்க்காரர்களின் அன்றைய கேள்விகளும், பெர்லினில் அதுவரை வந்த கேள்விகளும், சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய வேலை நாளில் எழுதப்பட்டவையும் கையில் இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் அடுத்த காலையில் பதிலைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே நாள் முழுவதும் அவ்வப்போது பதில் எழுதுவதை நிறுத்தி, அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். இதனால் முதலில் விழித்திருப்பவர்களுக்கு மட்டும் உரையாடல் சொந்தமாகிவிடும் நிலையும் மறைந்தது.

அந்த நேரத்தை வைத்து முழு அட்டவணையும் பின்னோக்கி அமைந்தது. காணொளி திங்கட்கிழமை யூடிசி 16:00க்கு வெளியானது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாட்களும் அதே நேரத்தில் பதில்கள் வந்தன. முதற்சுற்றுக் கேள்விகள் வியாழன் யூடிசி 02:00க்கு, அதாவது சான் பிரான்சிஸ்கோவில் புதன் வேலை நேரம் முடியும்போது, நின்றன. வியாழன் பதில்களைப் படித்த பிறகு எழும் துணைக் கேள்விகளுக்கு வெள்ளிக்கிழமை முழுவதும் இடம் இருந்தது. அவற்றுக்கான பதில் அடுத்த திங்கட்கிழமையும், முடிவு செவ்வாய்க்கிழமையும் வந்தன. எட்டு நாட்கள் அதிகம் என்று தோன்றலாம். ஒரு கேள்வி, அதற்கொரு பதில், அதன்மேல் ஒரு துணைக் கேள்வி என்று இரண்டே சுற்றுகளுக்கு இதற்குக் குறைந்த காலம் போதாது. வெள்ளிக்கிழமை வெளியிட்டிருந்தால் முதற்சுற்றின் நடுவிலேயே வார இறுதி புகுந்திருக்கும்.

காலக்கெடுவை யூடிசியிலும் அந்தந்த ஊர் நேரத்திலும் சேர்த்து எழுதுங்கள். "வெள்ளி மாலைக்குள்" என்று எழுதாதீர்கள், ஏனெனில் சான் பிரான்சிஸ்கோவின் வெள்ளி மாலை சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை. ஊர் நேரத்தை நினைவிலிருந்து கணக்கிடாமல், அந்தத் தேதிக்கே சரிபார்ப்பதும் அவசியம். மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னகர்த்துகிறார்கள். சிங்கப்பூரில் நகர்த்துவதே இல்லை. எனவே இரண்டு மூன்று வாரங்களுக்கு பெர்லினுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான வேறுபாடு 9 மணி நேரத்திலிருந்து 8 ஆகிறது. பிறகொரு முறை அந்த இடைவெளியில் நான் பழைய கணக்கின்படி அறிவிப்பு எழுதியதால், ஒரே அறிவிப்பில் யூடிசி நேரம் ஒன்றையும் ஊர் நேரம் வேறொன்றையும் சொல்லின. யூடிசியை நம்பி சான் பிரான்சிஸ்கோவில் மாலை 6.40க்கு வந்தவர், கேள்விகளுக்கான ஆவணம் ஊர் நேரப்படி ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பதைக் கண்டார்.

காணொளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 12 நிமிடப் பேச்சை 4, 5, 3 நிமிடங்கள் கொண்ட மூன்று துண்டுகளாகப் பதிவு செய்தேன். ஒன்றில் பிழை வந்தால் அந்தத் துண்டை மட்டும் மீண்டும் எடுத்தால் போதும். கேட்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லாததால், நிமிடத்துக்கு 120 ஆங்கிலச் சொற்கள் என்ற நிதானத்தில் எழுதி வைத்துப் பேசினேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் எண் பெரிதாக இருந்தது. தானாக உருவான வசன வரிகளில் பெயர்களும் எங்கள் துறைச் சொற்களும் சிதைந்திருந்ததால் அவற்றைக் கையால் திருத்தினேன். "இன்று", "நாளை", "இந்தக் காலை" போன்ற சொற்களைப் பேச்சிலிருந்து நீக்கிவிடுங்கள். கேட்பவரின் நாள் உங்கள் நாள் அல்ல.

இனி கேள்விகள். எல்லாக் கேள்விகளும் ஒரே ஆவணத்தில், வரிசை எண்ணுடன், பெயருடன் இருக்க வேண்டும். தனிச் செய்தியாக வந்த கேள்வியை, கேட்டவரின் அனுமதியுடன் அங்கே நகர்த்திவிட்டுத்தான் பதில் எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயங்களைக் கேட்டேன்: எந்த ஸ்லைடு அல்லது எந்த நிமிடம், நீங்கள் புரிந்துகொண்டது என்ன, பதில் தெரியாததால் உங்கள் எந்த வேலை நிற்கிறது. இரண்டாவதுதான் மிக அதிகமாக உதவியது. ஒருவர் முதல் நாளில் "இது பழைய டிக்கெட்டுகளுக்கும் பொருந்துமா?" என்று மட்டும் எழுதியிருந்தார். டிக்கெட் என்பது எங்கள் புகார்ப் பதிவு. முடித்து மூடப்பட்ட டிக்கெட்டுகளைக் கேட்கிறார் என்று நான் எண்ணி, பொருந்தாது என்று பதில் எழுதினேன். அவர் கேட்டது ஏற்கெனவே திறந்திருந்து, உயர்நிலைப் பொறியாளருக்கு அனுப்பப்பட்டவற்றைப் பற்றி. அவர் மறுநாள் திருத்தி எழுத, நான் அதற்கடுத்து மாற்றி எழுத, நேரடிக் கூட்டத்தில் 20 வினாடியில் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று இரண்டு நாட்களை விழுங்கியது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டேன். கேள்வி இரண்டு பொருளில் படிக்கப்படக்கூடியதாக இருந்தால், "எதைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, இரண்டு பொருளுக்கும் நிபந்தனையுடன் பதிலை எழுதிவிட வேண்டும். "மூடப்பட்டவை என்றால் பொருந்தாது, திறந்திருப்பவை என்றால் அடுத்த கைமாற்றத்தின்போது புதிய நிலைக்கு மாற்ற வேண்டும், உயர்நிலைக்குச் சென்றவை மட்டும் பழைய நிலையிலேயே முடியும்" என்ற வகையில் எழுதினால், கேட்டவருக்கு அடுத்த காலையிலேயே வேலை நடக்கும். நேரில் பேசும்போது இப்படிப் பேசுவது வழவழவென்று இருக்கும். ஒரு கேள்விக்கு 24 மணி நேரம் விலையாகும் இடத்தில் இதுவே சிக்கனம்.

அடுத்த சிக்கல் மௌனம். முதல் நாளில் ஒரு கேள்வியும் வராதபோது, புரிந்துவிட்டதா, பார்க்கவே இல்லையா என்று தெரியாது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை அங்கே உதவாது. 40 வினாடி பார்த்து மூடியவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுவார். ஆகவே ஆவணத்தின் தலையில் மூன்று மாதிரிப் புகார்களை வைத்து, ஒவ்வொன்றையும் புதிய முறையில் எந்த நிலையில் வைப்பீர்கள் என்று எல்லோரையும் எழுதச் சொன்னேன். முதலும் மூன்றும் பெரும்பாலும் சரியாக வந்தன. "பணம் செலுத்தும் பக்கம் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை" என்ற இரண்டாவது புகாரை 13 பேரில் 5 பேர் தவறான நிலையில் வைத்தார்கள். அவர்களில் யாரும் அதைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை, ஏனென்றால் தங்களுக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தார்கள். பிழை என் ஏழாவது ஸ்லைடில்தான்: "சேவை நின்றுவிட்டால் முதல் நிலை" என்று எழுதிய நான், யாருக்கு நின்றால் என்று சொல்லவில்லை. அந்தப் பயிற்சி இல்லாதிருந்தால், மாற்றம் நடைமுறைக்கு வந்து, நள்ளிரவில் யாரோ தவறாக எழுப்பப்பட்ட பிறகே எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஸ்லைடு இருந்த இரண்டாவது காணொளித் துண்டை நான் உடனே அழித்துவிட்டுப் புதியதைப் போடவில்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள் மீண்டும் பார்க்கப் போவதில்லை. துண்டின் நீளம் மாறினால், கேள்விகளில் குறித்திருந்த நிமிடங்களும் வேறெங்கோ சுட்டும். எனவே ஆவணத்தின் உச்சியில் தேதியுடன் நான்கு வரித் திருத்தம் எழுதி, அதற்குத் துணையாக ஒன்றரை நிமிடப் புதிய துண்டைத் தனியே இணைத்து, தவறாக வைத்த ஐவருக்கும் அந்தத் திருத்தத்தைச் சுட்டி ஒரு வரி அனுப்பினேன். திருத்தப்பட்ட ஏழாவது ஸ்லைடு பழையதன் பக்கத்திலேயே நின்றது.

ஆவணத்தைத் திறந்த கணத்தில் வெறுமையாக இருந்தால் யாரும் முதலில் எழுத விரும்ப மாட்டார்கள். இதற்காகக் கற்பனைக் கேள்விகளை நிரப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. மாறாக, வெளியிடும் முன் சிங்கப்பூரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒவ்வொருவரைப் பார்க்கச் சொல்லி, அவர்களுக்கு உண்மையாக எழுந்த கேள்விகளை அவர்கள் பெயரிலேயே எழுதச் செய்தேன். பெர்லினில் பக்கத்து மேசையில் இருந்தவரைக் கேட்டிருந்தால், அவர் என்னுடன் ஏற்கெனவே பேசியதைக் கொண்டே இடைவெளிகளை நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஒரே கேள்வி மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தால் எழுத்தை நிறுத்திவிடுங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று வந்தது: விடுமுறை நாட்களில் முதல் நிலைப் புகாரை யார் எடுப்பது என்ற கேள்வியில், விளக்கக் குறைவு இல்லை, இரண்டு இடங்களுக்கும் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. அதற்குச் சிங்கப்பூருக்கும் பெர்லினுக்கும் பொதுவான யூடிசி 08:00 முதல் 10:00 வரையிலான நேரத்தில், சம்பந்தப்பட்ட மூவர் மட்டும் 25 நிமிடம் பேசி, முடிவை அதே ஆவணத்தில் அதே கேள்வி எண்ணின் கீழ் எழுதினோம். யாருடைய வேலைப் பொறுப்பையாவது குறைக்கும் அல்லது மாற்றும் செய்தியாக இருந்தால், அதை இந்த முறையில் தொடங்கவே வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் முதலில் நேரடியாகப் பேசிவிட்டு, அதன் பிறகு மற்றவர்களுக்குப் பதிவை அனுப்புங்கள்.