கல்லீரல் கெட்டால் உணவுக்குழாயில் ஏன் ரத்தக் கசிவு?

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன, வெடிக்கலாம் என்கிறார்கள். கல்லீரலுக்கும் உணவுக்குழாய்க்கும் என்ன தொடர்பு? அவருக்கு மூலமும் உண்டு, அதுவும் இதனால்தானா?

பதில்:

கல்லீரல் நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியை வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்பார்கள்.

கை கால்களின் சிரை ரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்பிவிடும். இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் போய் வடிகட்டப்பட்டு, அப்புறம்தான் இதயத்துக்குப் போகும். அதைக் கொண்டுபோவது போர்ட்டல் சிரை. குடலிலிருந்து வரும் பெரிய சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்துக்குப் பின்னால் சேர்ந்து இது உருவாகிறது. நீளம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். ஆனாலும் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது.

காலின் சிரைகளில் ரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுக்க வால்வுகள் உண்டு. போர்ட்டல் சிரையிலும் அதன் கிளைகளிலும் வால்வு இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் குறைவோ அந்தப் பக்கம் ரத்தம் ஓடும். சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் உள்ளே வழி அடைபடுகிறது. அப்போது ரத்தம் வேறு வழி தேடுகிறது. போர்ட்டல் கிளைகளும் உடம்பின் பொதுச் சிரைகளும் மெல்லிய குழாய்களால் இணைந்திருக்கும் இடங்கள் சில உண்டு. வழக்கமாக அவற்றில் கொஞ்சம் ரத்தம்தான் ஓடும். இப்போது அவையே மாற்றுப்பாதை ஆகின்றன.

அப்படிப்பட்ட இணைப்பிடங்களில் ஆபத்தானது உணவுக்குழாயின் கீழ்முனை. அந்தப் பகுதியின் ரத்தம் கீழ்நோக்கி, இடது இரைப்பைச் சிரை வழியாகப் போர்ட்டல் சிரைக்குப் போகும். அதற்கு மேலுள்ள பகுதியின் ரத்தம் மார்பின் பின்பக்கம் ஏறும் அசைகஸ் சிரையில் கலந்து இதயத்துக்குப் போகும். கல்லீரல் அடைபட்டதும் இடது இரைப்பைச் சிரையில் ஓட்டம் தலைகீழாகி, ரத்தம் மேலேறி அசைகஸுக்குத் தப்புகிறது. கடைசிச் சில சென்டிமீட்டரில் இந்தச் சிரைகள் சவ்வுக்குச் சற்றே கீழே, தாங்குவதற்குத் தசை எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. குழாய் அகல அகலச் சுவர் மெலியும், சுவரின் இழுவிசை கூடும். வெடிப்பதற்குக் காரணம் அதுதான்.

போர்ட்டல் சிரையில் கூடும் இந்த அழுத்தத்தை அளக்கலாம். கழுத்துச் சிரை வழியாக ஒரு குழாயைக் கல்லீரல் சிரைக்குள் விட்டு, சும்மா இருக்கும்போது ஓர் அளவும், குழாய்முனையில் பலூனை ஊதிச் சிரையை அடைத்தபின் ஓர் அளவும் எடுப்போம். வித்தியாசம் 5 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு. 10ஐ எட்டினால் புடைப்புகள் உருவாகலாம், 12க்கு மேல் போனால் வெடிக்கலாம். நான் கவனித்த ஒருவருக்கு முதல் அளவு 8, அடைத்தபின் 23. அதாவது வித்தியாசம் 15. புடைப்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டு, கார்வெடிலோல் மாத்திரையும் கொடுத்தோம். மறுபடி அளந்தபோது 11. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடைப்பு கல்லீரலுக்குள் இல்லாமல் போர்ட்டல் சிரையிலேயே உறைகட்டியால் வந்திருந்தால் இந்த அளவீடு ஏமாற்றும். புடைப்பு பெரிதாக இருந்தும் எண் இயல்பாகவே வரும். அங்கே ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, மூலம். மலக்குடலின் மேற்பகுதி ரத்தம் போர்ட்டல் பக்கமும் கீழ்ப்பகுதி ரத்தம் இடுப்புச் சிரைகளுக்கும் போவதால், அதுவும் ஓர் இணைப்பிடம்தான். ஆனால் மூலம் என்பது ஆசனவாயில் எல்லோருக்கும் இருக்கும் மெத்தை போன்ற திசு வீங்குவது. கல்லீரல் நன்றாக இருப்பவர்களுக்கும் சாதாரணமாக வரும். சிரோசிஸால் வருவது மலக்குடலில் சற்று மேலேயே தொடங்கும் சிரைப்புடைப்பு. இரண்டும் ஒன்றல்ல. அதனால் அப்பாவின் மூலத்துக்குக் கல்லீரலைக் காரணம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஆனால் மூலத்துக்குச் சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரிடம் சிரோசிஸ் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தொப்புளும் இன்னோர் இணைப்பிடம். அதைச் சுற்றிச் சிரைகள் புடைத்திருந்தால், தொப்புளுக்குக் கீழே ஒரு சிரையில் இரண்டு விரல்களை ஒட்டி வைத்து, விலக்கியபடி அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, ஒரு விரலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மேல்விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பினால் ரத்தம் தொப்புளிலிருந்து கீழே ஓடுகிறது, அதாவது கல்லீரல் அடைப்பு. கீழ்விரலை எடுக்கும்போது நிரம்பினால் வயிற்றின் பெரிய கீழ்ச்சிரை அடைபட்டிருக்கலாம்.

வயிற்றின் பின்பக்கமும் இணைப்புகள் உண்டு, அவை வெளியே தெரியாது. மண்ணீரல் சிரையிலிருந்து இடது சிறுநீரகச் சிரைக்குப் பெரிய பாதை திறந்துகொண்டால், குடலில் உண்டாகும் அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகும். அப்போது ஆளுக்குக் குழப்பமும் பகல் தூக்கமும் வரும்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ரத்த வாந்தியை மட்டுமல்ல. வாந்தியே இல்லாமல், தார் போலக் கறுத்து ஒட்டும் மலமாகவும் இந்தக் கசிவு வெளிப்படும். அதைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.